சிறிய கிளினிக்கில் கருவிப் பராமரிப்பு அட்டவணையும் லாக் புக்கும்: ஒரு ஆட்டோகிளேவை வைத்து முழு விளக்கம்

பல கிளினிக்குகளில் ஆட்டோகிளேவ் பக்கத்துச் சுவரில் ஒரு பராமரிப்புத் தாள் தொங்கும். தேதி, அதற்கு நேரே ஒரு டிக், ஒரு கையெழுத்து. ஒருநாள் ஹீட்டர் எரிந்துபோகும். தாளைப் பார்த்தால் முதல்நாள் வரை எல்லாம் டிக்! பொய்யாகப் போட்டதாக இருக்க வேண்டியதில்லை. கருவி ஓடியது, டிக் போட்டார்கள். ஆனால் ஓடுகிறதா என்பதை மட்டும் கேட்கும் தாள், நின்ற பிறகுதான் பதிலை மாற்றும்.

எவ்வளவு நேரத்தில் சூடாகிறது, எவ்வளவு தண்ணீர் மிஞ்சுகிறது, வோல்டேஜ் என்ன என்று கேட்கும் தாள், நிற்பதற்குச் சில வாரங்கள் முன்பே பேச ஆரம்பித்துவிடும். இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட அட்டவணையையும் லாக் புக்கையும் எப்படி அமைப்பது என்பதைப் பற்றியது. எடுத்துக்காட்டுக்கு ஒரே கருவி: அடியில் தண்ணீர் ஊற்றி, மேல்மூடியைத் திருகி மூடும், 24 லிட்டர், 2 கிலோவாட் ஆட்டோகிளேவ். இதற்கு முறை பிடிபட்டுவிட்டால் மற்ற கருவிகளுக்கும் பட்டறையின் கம்ப்ரஸருக்கும் அதே முறைதான். எதை அளப்பது என்பது மட்டும் மாறும்.

## 1. எந்தக் கருவிகள் பட்டியலில் வரும்?

கண்ணில் படுவதையெல்லாம் எழுதினால் பட்டியல் நூறு வரி போகும், இரண்டாம் மாதமே யாரும் தொடமாட்டார்கள். ஒவ்வொரு கருவிக்கும் மூன்று கேள்விகள் போதும். இது தவறாக வேலை செய்தால் யாருக்காவது ஆபத்தா? நின்றுபோனால் அன்றைய வேலை நிற்குமா? வெளியே தெரியாமல் உள்ளுக்குள் தேயும் பாகம் ஏதாவது இருக்கிறதா? ஒன்றுக்காவது ‘ஆம்’ என்றால் பட்டியலில் சேருங்கள். மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால், அது பழுதான பிறகு சரிசெய்துகொள்ளும் ரகம், விட்டுவிடலாம். ஆட்டோகிளேவுக்கு மூன்றுமே ‘ஆம்’.

சேர்த்த ஒவ்வொன்றுக்கும் AC-01 மாதிரி ஒரு எண் கொடுத்து, ஸ்டிக்கரைக் கருவியிலேயே ஒட்டுங்கள். மூடியில் ஒட்டாதீர்கள், நீராவியில் உரிந்துவிடும். ஒரே மாதிரி இரண்டு சக்‌ஷன் மெஷின் இருக்கும் இடத்தில் ‘சக்‌ஷன் மெஷின் சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினால், எது என்பது ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. எண் கொடுப்பது அதற்காகத்தான்.

லாக் புக்கின் முதல் பக்கம் அந்தக் கருவியின் விவரப் பக்கம். தயாரிப்பாளர், மாடல், சீரியல் நம்பர், பயன்பாட்டுக்கு வந்த தேதி, வோல்டேஜ், வாட், வாரண்டி முடியும் நாள், சர்வீஸ் செய்பவரின் எண், மேனுவல் இருக்கும் இடம் ஆகியவற்றோடு, தேயும் பாகங்களின் அளவையும் எழுதுங்கள்: கேஸ்கெட்டின் பார்ட் நம்பர், ஃபியூஸின் ஆம்பியர், ஹீட்டர் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை வாட். கேஸ்கெட் கிழிந்த அன்று இந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பினாலே சரியான பாகம் வந்துசேர வேண்டும். அந்த அளவுக்கு விவரம் இருந்தால் போதும்.

## 2. நன்றாக இருக்கும்போதே அளந்து வையுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப்போகும் படி இதுதான். இதைத் தாண்டினால் பிறகு எழுதும் எண்களை எதோடு ஒப்பிடுவது என்றே தெரியாது.

கருவி புதிதாகவோ, சர்வீஸ் முடிந்து நல்ல நிலையிலோ இருக்கும்போது மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முதல் சுற்றில், கீழ்க்கண்டபடி செய்யுங்கள். உள்ளே கருவிகள் எதுவும் வேண்டாம். பாத்திரம் குளிர்ந்திருக்க வேண்டும். மேனுவல் சொல்லும் அளவு டிஸ்டில்டு வாட்டரை அளவுக் குவளையால் அளந்து ஊற்றுங்கள். நம் எடுத்துக்காட்டில் அது 3 லிட்டர். மூடியைத் திருகி, ஸ்விட்ச் போட்ட நேரத்தைக் குறியுங்கள். ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே லைனில் வோல்ட்மீட்டர் காட்டும் எண்ணை எழுதுங்கள். லோடு இல்லாதபோது 230 காட்டும் லைன், ஹீட்டர் ஓடும்போது 210-க்கு இறங்கலாம். நமக்கு வேண்டியது இரண்டாவது எண்.

நீராவி வர ஆரம்பித்ததும் காற்று வெளியேறும் வால்வை மேனுவல் சொல்லும் நேரம் திறந்து வைத்து, பிறகு மூடுங்கள். இந்த நேரத்தை ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக, இங்கே 5 நிமிடம், வைத்துக்கொள்ளுங்கள். 121 டிகிரி செல்சியஸை எட்டிய நேரத்தையும், அப்போது பிரஷர் கேஜ் காட்டும் அளவையும் குறியுங்கள். கேஜ் 15 பி.எஸ்.ஐ. பக்கம் இருக்க வேண்டும். சுற்று முடிந்து, பிரஷர் பூஜ்ஜியத்துக்கு வந்து, பாத்திரம் ஆறிய பிறகு தண்ணீரை வடித்து அளந்தால் மிஞ்சியது எவ்வளவு என்று தெரியும்.

மூன்று நாளும் எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் அதுவே உங்கள் அடிப்படை அளவு. நம் கருவிக்கு: 230 வோல்ட், 22 நிமிடம், 15 பி.எஸ்.ஐ., மிஞ்சிய தண்ணீர் 2600 மில்லி. இதை விவரப் பக்கத்தின் கீழே பெரிதாக எழுதிக் கட்டம் போடுங்கள். வேறொரு கிளினிக்கின் எண் உங்களுக்கு உதவாது. பாத்திரத்தின் எடை, தண்ணீரின் ஆரம்பச் சூடு, லைன் எல்லாமே மாறும்.

## 3. வேலைகளைச் செய்கிறவரைப் பொறுத்துப் பிரியுங்கள்

மேனுவலில் உள்ள பராமரிப்புப் பக்கத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் அது அட்டவணை ஆகாது. எந்த வேலையை யார் செய்ய முடியும் என்று பிரிக்க வேண்டும். தினமும் கருவியை ஓட்டுபவர் செய்வது ஒன்று, வாரம் ஒருமுறை பொறுப்பாளர் நேரம் ஒதுக்கிச் செய்வது ஒன்று, டெக்னீசியன் வந்து திறந்து பார்ப்பது ஒன்று.

ஒவ்வொரு வேலையையும் எழுதும் விதம் முக்கியம். ‘கேஸ்கெட் சரிபார்க்கவும்’ என்று எழுதினால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று செய்வார்கள், பெரும்பாலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு டிக் போடுவார்கள். என்ன செய்ய வேண்டும், எதைப் பார்த்தால் நிறுத்த வேண்டும் என்று இரண்டும் வேண்டும்: ‘குளிர்ந்த கேஸ்கெட்டை ஈரத்துணியால் முழுச் சுற்றும் துடை; விரலால் தடவிப் பார்; வெடிப்பு, தட்டையான இடம், இறுகிப்போன பகுதி இருந்தால் எந்த இடத்தில் என்று எழுதிச் சொல்.’

ஆட்டோகிளேவுக்கு இப்படிப் பிரிக்கலாம்.

தினமும், ஓட்டுபவர்: முதல் சுற்றுக்கு முன் பிரஷர் கேஜ் முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பூஜ்ஜியத்தில் நிற்காத முள் 15 காட்டினாலும் அதை நம்ப முடியாது. கேஸ்கெட்டையும் அது உட்காரும் விளிம்பையும் துடைப்பது, தண்ணீர் அளவைப் பார்ப்பது, ஒவ்வொரு பொட்டலத்திலும் இண்டிகேட்டர் டேப் ஒட்டுவது, ஒவ்வொரு சுற்றின் எட்டிய சூட்டையும் பிரஷரையும் எழுதுவது.

வாரம் ஒருமுறை, பொறுப்பாளர்: மேலே சொன்ன அளவீட்டுச் சுற்றைத் திங்கட்கிழமை முதல் சுற்றாக, காலியாக ஓட்டுவது. தண்ணீரை வடித்த பிறகு டார்ச் அடித்து ஹீட்டரைப் பார்ப்பது. அடுத்து ஸ்போர் டெஸ்ட். இதற்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும்.

மாதம் ஒருமுறை, பொறுப்பாளர்: மேனுவல் அனுமதிக்கும் முறையில் சேஃப்டி வால்வைச் சோதிப்பது. நெம்புகோல் உள்ள வால்வாக இருந்தால், பிரஷர் இருக்கும்போது கையுறை அணிந்து, முகத்தை விலக்கி, கணநேரம் தூக்கிவிட வேண்டும். நீராவி சீறி வந்து, விட்டதும் சுத்தமாக நிற்க வேண்டும். வரவில்லை என்றாலும், வந்தது நிற்கவில்லை என்றாலும் அன்றே கருவியை நிறுத்திவிடுங்கள். பவர் வயரையும் பிளக்கையும் பாருங்கள்: பிளக் பின் பழுப்பேறியிருந்தால் பிடிப்பு தளர்ந்து சூடாகிறது என்று பொருள்.

வருடம் ஒருமுறை, டெக்னீசியன்: கேஜ், தெர்மாமீட்டர் இரண்டையும் தரக்கருவியோடு ஒப்பிடுவது, எர்த் தொடர்ச்சியும் இன்சுலேஷனும் அளப்பது, ஹீட்டரின் ரெசிஸ்டன்ஸ் அளப்பது, டெர்மினல்களை இறுக்குவது. டெக்னீசியன் ‘சர்வீஸ் செய்யப்பட்டது’ என்று எழுதிவிட்டுப் போனால் ஏற்காதீர்கள். எத்தனை ஓம், எத்தனை டிகிரி வித்தியாசம் என்று எண்ணாகக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்போர் டெஸ்டில், வெப்பத்தைத் தாங்கும் ஜியோபேசிலஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் பாக்டீரியாவின் ஸ்போர்கள் உள்ள குப்பியை நிறைந்த லோடின் நடுவே, நீராவி எட்டக் கடினமான இடத்தில் வைத்து ஓட்டுகிறோம். சுற்று முடிந்ததும் அதையும், ஆட்டோகிளேவில் வைக்காத அதே பேட்ச் குப்பி ஒன்றையும் 55 முதல் 60 டிகிரியில் இன்குபேட்டரில் வைக்க வேண்டும். ஆட்டோகிளேவ் செய்தது வளரக்கூடாது, செய்யாதது கண்டிப்பாக வளர வேண்டும். செய்யாததும் வளரவில்லை என்றால் குப்பிகளோ இன்குபேட்டரோ சரியில்லை, அந்த டெஸ்டே செல்லாது. இரண்டும் ‘வளர்ச்சி இல்லை’ என்று வந்ததை மகிழ்ச்சியோடு ‘பாஸ்’ என்று எழுதிவைக்கும் தவறு நிறைய நடக்கிறது. அதனால்தான் லாக்கில் இதற்கு மூன்று கட்டம் வேண்டும்: வைத்த தேதியும் நேரமும், பார்த்த தேதியும் நேரமும், இரண்டு குப்பியின் முடிவும் தனித்தனியாக. முடிவு உடனே வராது என்பதால் வைத்த அன்றே ஒரே கட்டத்தில் எழுதும்படி தாள் இருந்தால், முடிவு எழுதப்படாமலே போய்விடும்.

## 4. நாள்காட்டியில் எப்படிப் போடுவது

எல்லாக் கருவிகளின் மாத வேலையையும் ஒன்றாம் தேதியில் குவிக்காதீர்கள். அன்று கூட்டம் அதிகமானால் மொத்தமும் தள்ளிப்போகும், பிறகு மொத்தமாக டிக் போடப்படும். மாதத்தின் முதல் வாரம் ஆட்டோகிளேவ், இரண்டாம் வாரம் ஃபிரிட்ஜும் யு.பி.எஸ்ஸும், மூன்றாம் வாரம் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டரும் சக்‌ஷன் மெஷினும் என்று பரப்பினால், ஒரு வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடியும் வேலைதான். நான்காம் வாரத்தைக் காலியாக விடுங்கள். விட்டுப்போனவை அங்கே போய்ச் சேரும்.

அடுத்த தேதியைக் கணக்கிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. 5-ஆம் தேதி செய்ய வேண்டிய மாத வேலையை 12-ஆம் தேதி செய்தால், அடுத்தது அடுத்த மாதம் 5-ஆ, 12-ஆ? சோதனை வேலைகளுக்கு 5 என்றே வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு தாமதமும் அட்டவணையைத் தள்ளிக்கொண்டே போய், வருடத்துக்குப் பன்னிரண்டு சோதனை ஒன்பதாகிவிடும். ஆனால் கேஸ்கெட், ஃபில்டர், எண்ணெய் போன்று மாற்றப்படும் பாகங்களுக்கு, மாற்றிய நாளிலிருந்து கணக்கு. புதுக் கேஸ்கெட்டின் ஆயுள் அது போடப்பட்ட நாளில்தான் தொடங்குகிறது.

தாளில் எழுதுவதோடு, தேதிகளை மட்டும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் வைத்தால் எது தாமதம் என்று ஒரே பார்வையில் தெரியும். D பத்தியில் கணக்குத் தொடங்கும் தேதி (சோதனைக்குத் திட்டமிட்ட தேதி, பாகத்துக்கு மாற்றிய தேதி), E-யில் எத்தனை மாதம், F-இல் அடுத்த தேதி, G-யில் நிலை என்று வைத்துக்கொண்டால் F2-க்கும் G2-க்கும் இந்த இரண்டு வரி போதும்:

```
=EDATE(D2,E2)
=IF(F2<TODAY(),"தாமதம்",IF(F2<=TODAY()+7,"இந்த வாரம்",""))
```

F பத்தி வெறும் எண்ணாகத் தெரிந்தால், செல் ஃபார்மேட்டைத் தேதி என்று மாற்றுங்கள். அளவீடுகளை மட்டும் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகாதீர்கள். அவை கருவி பக்கத்தில், பேனா கட்டிய நோட்டில் இருந்தால்தான் நிற்கும்போதே எழுதுவார்கள். வேறு அறைக்குப் போய் எழுத வேண்டும் என்றால் மாலையில் ஞாபகத்திலிருந்து எழுதுவார்கள்.

## 5. லாக் புக்கின் பக்கம்

பக்கம் நம்பர் போட்ட பைண்டிங் நோட்டு ஒன்று, ஒரு கருவிக்கு ஒன்று. தனித்தாள்கள் காணாமல் போகும், குறிப்பாகப் பழுது எழுதிய தாள். முன்பாதியில் தினப் பதிவும் வாரப் பதிவும், பின்பாதியில் பழுதும் பாகம் மாற்றியதும். வாரப் பதிவில் இத்தனை கட்டம் வேண்டும்: தேதி, ஓடும்போது வோல்டேஜ், 121 டிகிரி அடைய ஆன நிமிடம், பிரஷர், மிஞ்சிய தண்ணீர், ஹீட்டரின் தோற்றம், செய்தவர் பெயர். கட்டத்துக்குத் தலைப்பிலேயே அடிப்படை அளவைச் சிறிதாக எழுதிவிடுங்கள். 25 என்று எழுதும்போது மேலே 22 என்று இருப்பது எழுதுகிறவர் கண்ணிலேயே படும்.

எழுதும் விதிகள் குறைவாக இருக்கட்டும். பேனாவால், செய்த உடனே. தவறினால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். வெள்ளை மை வேண்டாம். செய்யாத வாரத்தில் ‘செய்யவில்லை, மின்சாரம் இல்லை’ என்று எழுத வேண்டும். இதற்காக யாரையும் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த வாரம் அந்தக் கட்டத்தில் 22 என்று கற்பனை எண் வரும், அது காலிக் கட்டத்தைவிட மோசம். கற்பனை எண்ணைக் கண்டுபிடிப்பதும் எளிதுதான்: ஆறு வாரம் தொடர்ந்து வோல்டேஜ் சரியாக 230, நேரம் சரியாக 22 என்றிருந்தால், யாரும் அளக்கவில்லை. நிஜ லைன் அப்படி அசையாமல் நிற்காது.

## 6. எழுதியதை வாசிப்பது

மாதம் ஒருமுறை பொறுப்பாளர் வாரப் பதிவுகளை வரிசையாக, மேலிருந்து கீழாக வாசிக்க வேண்டும். நம் ஆட்டோகிளேவின் ஆறு வாரம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

| வாரம் | வோல்ட் | 121° அடைய நிமிடம் | மிஞ்சிய தண்ணீர் (மில்லி) |
|---|---|---|---|
| 1 | 230 | 22 | 2600 |
| 2 | 229 | 22 | 2600 |
| 3 | 204 | 27 | 2650 |
| 4 | 230 | 23 | 2450 |
| 5 | 231 | 24 | 2350 |
| 6 | 229 | 25 | 2200 |

மூன்றாம் வாரம் 27 நிமிடம் என்பதுதான் முதலில் கண்ணில் படும். ஆனால் அதில் கருவிக்கு ஒன்றுமில்லை. ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 204-ஐ 230-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.79 வருகிறது, அதாவது 2 கிலோவாட் ஹீட்டர் அன்று 1.6 கிலோவாட்டுக்கும் குறைவாகவே ஓடியது. காற்று வெளியேற்றும் 5 நிமிடம் மாறாதது. மீதி 17 நிமிடத்தை 0.79-ஆல் வகுத்தால் 21.5. இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 27. கணக்கு ஒத்துப்போகிறது, குற்றம் லைனில். இது அடிக்கடி வந்தால் ஸ்டேபிலைசரைப் பற்றி யோசிக்கலாம். டெக்னீசியனைக் கூப்பிட வேண்டாம்.

நான்காம் வாரத்திலிருந்துதான் உண்மையான செய்தி. வோல்டேஜ் சரியாக இருக்கிறது. நேரம் வாரத்துக்கு ஒரு நிமிடம் கூடுகிறது, மிஞ்சும் தண்ணீர் நூறு, நூற்றைம்பது மில்லியாகக் குறைகிறது. இரண்டும் சேர்ந்து மாறினால் நீராவி எங்கோ வெளியே போகிறது. தினமும் சூடு 121-ஐ எட்டியது, டேப் நிறம் மாறியது, டிக் போடும் தாளில் எல்லாம் சரி. இப்படியே விட்டால் ஒருநாள் நீண்ட சுற்றில் தண்ணீர் ஹீட்டருக்குக் கீழே இறங்கும், ஹீட்டர் வெறுமையாகச் சூடேறி எரியும். ஆரம்பத்தில் சொன்ன டிக் தாளின் ஹீட்டர் இப்படியும் போயிருக்கலாம்.

கசிவைத் தேட ஓடும் கருவியின் விளிம்பில் கை வைக்காதீர்கள். வெளியேறும் நீராவி கண்ணுக்குத் தெரியாமலே சுடும். ஆறிய பிறகு விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: கசியும் இடத்துக்கு வெளியே ஈரத்தடமோ காய்ந்த வெள்ளைக் கோடோ இருக்கும். முதலில் கேஸ்கெட்டையும் விளிம்பையும் துடைத்து, திருகுகளை எதிரெதிர் ஜோடியாகச் சமமாக இறுக்கி மீண்டும் அளவீட்டுச் சுற்றை ஓட்டுங்கள். ஒரு பக்கமாக வரிசையாக இறுக்கினால் மூடி சாய்ந்து உட்காரும். முழு பலத்தோடு இறுக்கினால் கேஸ்கெட் தட்டையாகி, அடுத்த மாதம் இன்னும் மோசமாகக் கசியும். தண்ணீர் 2600-க்குத் திரும்பினால் அழுக்குதான் காரணம். திரும்பாவிட்டால் கேஸ்கெட்டை மாற்றுங்கள். மாற்றியும் திரும்பாவிட்டால் சேஃப்டி வால்வின் இருக்கையில் துணித்தூசியோ உப்புத் துகளோ சிக்கியிருக்கலாம். அதை டெக்னீசியன் பார்க்கட்டும். நீராவி போகாமலிருக்க வால்வின் மேல் எடை வைப்பதோ, ஸ்பிரிங்கை இறுக்குவதோ கூடவே கூடாது.

இன்னும் இரண்டு உருவங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, ஒரே வாரத்தில் 22 நிமிடம் 40-க்குத் தாவுகிறது, வோல்டேஜ் சரி, தண்ணீரும் அதிகம் குறையவில்லை. ஆயிரம் வாட் வீதம் இரண்டு ஹீட்டர் உள்ள கருவியில் இது ஒரு ஹீட்டர் செத்துவிட்டது என்பதற்கான அடையாளம். பிளக்கைக் கழற்றி, வயரைப் பிரித்து டெக்னீசியன் அளந்தால், 230 வோல்ட், 1000 வாட் ஹீட்டர் ஒவ்வொன்றும் சுமார் 53 ஓம் காட்ட வேண்டும். செத்தது மீட்டரில் ஒன்றும் காட்டாது.

இரண்டு, பிரஷர் 15 இருக்கிறது, தெர்மாமீட்டர் 121-க்குப் போகவே மாட்டேன் என்கிறது. காற்று முழுதாக வெளியேறவில்லை. பாதிக் காற்று உள்ளே தங்கினால் 15 பி.எஸ்.ஐ.-யில் சூடு 112 டிகிரி அளவில்தான் நிற்கும். கேஜை மட்டும் பார்த்து எழுதும் லாக்கில் இது தெரியவே தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் சூடு, பிரஷர் இரண்டும் எழுதச் சொன்னது. வால்வைத் திறந்துவைத்த நேரத்தையும், வால்வின் துளை அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்தச் சுற்றில் போன கருவிகள் ஸ்டெரைல் ஆகவில்லை என்றே கொண்டு திரும்பச் செய்யுங்கள்.

உப்புப் படிவைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: படிந்தால் சூடாகும் நேரம் கூடும், லாக்கில் பிடித்துவிடலாம் என்பார்கள். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் மின்சார ஹீட்டரில் அப்படித் தெரியாது. எடுக்கும் மின்சாரம் அதேதான், வெப்பம் கடைசியில் தண்ணீருக்குத்தான் போகிறது. படிவு வெப்பத்தைத் தடுப்பதால் ஹீட்டரின் உட்பகுதி மட்டும் அதிகம் சூடேறி, ஆயுள் குறைந்து, ஒருநாள் போகும். நிமிடங்கள் காட்டாததைக் கண்தான் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை டார்ச் அடிக்கச் சொன்னது இதற்குத்தான். வெள்ளைப் பூச்சு ஒட்ட ஆரம்பித்தால் மேனுவல் சொல்லும் கிளீனரால் நீக்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரத்தில் பிளீச்சிங் திரவம் வேண்டாம், குளோரின் உலோகத்தில் குழி பறிக்கும். கழுவி வடித்தபின் ஒரு காலிச் சுற்று ஓட்டிவிட்டுத்தான் கருவிகளை வைக்க வேண்டும்.

எப்போது நடவடிக்கை எடுப்பது என்பதற்கு ஒரு எல்லை முன்கூட்டியே எழுதியிருக்கட்டும். வோல்டேஜ் சரியாக இருக்கும்போது இரண்டு வாரம் தொடர்ந்து அடிப்படை நேரத்தைவிட இரண்டு நிமிடம் கூடினாலோ, ஒரே ஒரு வாரம் தண்ணீர் அடிப்படை அளவைவிட 200 மில்லிக்கு மேல் குறைந்தாலோ தேட ஆரம்பிக்கலாம். மேலே உள்ள பட்டியலில் ஐந்தாம் வாரமே தண்ணீரால் இந்த எல்லை கடக்கப்பட்டுவிட்டது.

## 7. பழுதை எழுதி முடிப்பது

பின்பாதியில் ஒவ்வொரு பழுதுக்கும் நான்கு வரி: என்ன கண்டோம், என்ன காரணம், என்ன செய்தோம், எப்படி உறுதி செய்தோம். கடைசி வரிதான் பெரும்பாலும் விடுபடும். ‘கேஸ்கெட் மாற்றப்பட்டது’ என்பதோடு நின்றால் பழுது முடியவில்லை. ‘மாற்றியபின் காலிச் சுற்று: 230 வோல்ட், 22 நிமிடம், 2600 மில்லி, ஸ்போர் டெஸ்ட் வைக்கப்பட்டது’ என்று வந்தால்தான் முடிந்தது. அந்த டெஸ்டின் முடிவு வரும் வரை கருவியில் ‘உபயோகிக்க வேண்டாம்’ அட்டை தொங்கட்டும். அட்டையில் தேதியும் பெயரும் வேண்டும். இல்லாவிட்டால் அவசரத்தில் யாரோ கழற்றிவிடுவார்கள். ஹீட்டர் போன்ற பெரிய பாகம் மாறினால் அடிப்படை அளவை மூன்று நாள் புதிதாக எடுக்க வேண்டும்.

கையிருப்பில் கேஸ்கெட் ஒன்று, ஃபியூஸ் இரண்டு போதும். ஹீட்டர் வாங்கி வைப்பது, சப்ளை வர எத்தனை நாள் ஆகும், அத்தனை நாள் உங்களால் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதைப் பொறுத்தது. பாகத்தை எடுத்த அன்றே மாற்றுப் பாகத்துக்கு ஆர்டர் போட்டதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

## மற்ற கருவிகளில் எதை அளப்பது

மருந்து ஃபிரிட்ஜில் காலை, மாலை சூடு. தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி. பின்புறக் கண்டென்சர் காயிலில் தூசி படிந்தால் கம்ப்ரஸர் நீண்ட நேரம் ஓடும், கையால் தொட்டுப் பார்த்து எழுதுவதைவிட மாதம் ஒருமுறை தூசி தட்டிவிடுவதே எளிது. ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டரில் மணி மீட்டர் எண்ணும், அனலைசரால் அளந்த ஆக்ஸிஜன் சதவீதமும். 93 பக்கம் இருந்தது மெல்ல இறங்கி 82-க்குக் கீழே போனால் நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது. இதன் வெளி ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவியபின் முழுதாகக் காயவைத்துத்தான் மாட்ட வேண்டும், உள்ளே போகும் ஈரம், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரிக்கும் சீவ் பெட் என்ற பாகத்தைக் கெடுக்கும். அதனால் உபரியாக ஒரு ஃபில்டர் வைத்து மாறிமாறிப் போடுவது நல்லது. டயல் உள்ள பி.பி. கருவியில் காற்று இல்லாதபோது முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா, உயர்த்தி வைத்தால் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று எழுதுங்கள். நான்குக்கு மேல் இறங்கினால் டியூபிலோ பல்பு வால்விலோ கசிவு.

பட்டறைக் கம்ப்ரஸருக்கும் ஆட்டோகிளேவின் தர்க்கமே. காலி டேங்க் கட்-ஆஃப் பிரஷர் வரை நிரம்ப எத்தனை நிமிடம் என்பது ஒரு எண். நிரம்பியபின் மோட்டாரை நிறுத்தி, வெளி வால்வுகளை மூடி, அரை மணி நேரத்தில் பிரஷர் எவ்வளவு இறங்குகிறது என்பது இன்னொரு எண். நிரம்பும் நேரம் கூடி, இறக்கம் பழையபடி இருந்தால் ஏர் ஃபில்டர், பெல்ட், வால்வு பிளேட் பக்கம் தேடுங்கள். இறக்கமும் கூடியிருந்தால் சோப்புத் தண்ணீரோடு இணைப்புகளைச் சுற்றிவாருங்கள். டேங்க் தண்ணீரைத் தினமும் வடிப்பது தனி, அதில் துருநிறம் தெரிந்தால் அதையும் எழுத வேண்டும்.

ஒரு வருடம் ஓடியபின் அட்டவணையைத் திருத்துங்கள். பன்னிரண்டு மாதமும் ஒன்றும் கண்டுபிடிக்காத வேலையின் இடைவெளியை, மேனுவல் இடம்கொடுத்தால், நீட்டலாம். சேஃப்டி வால்வு, எர்த், ஸ்போர் டெஸ்ட் மூன்றையும் எத்தனை முறை சரியாக வந்தாலும் நீட்டக்கூடாது. இரண்டு சோதனைக்கு நடுவிலேயே பழுதான பாகத்துக்கு இடைவெளியைப் பாதியாக்குங்கள். நோட்டு தீர்ந்தால் புது நோட்டின் முதல் பக்கத்தில் விவரங்களையும் நடப்பு அடிப்படை அளவையும் எடுத்தெழுதி, பழையதைக் கருவி இருக்கும் வரை வைத்திருங்கள். கருவியை விற்றால் நோட்டும் அதோடு போகட்டும்.